புதன்கிழமை இரண்டாவது பீரியட்

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த மூன்றாம் வருஷம், டைம்டேபிள் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை போட்டுவந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு வயது இருபத்தாறு. அந்த வேலை கிடைத்ததில் உள்ளுக்குள் பெருமைதான்.

பன்னிரண்டு வகுப்புகள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் எட்டு பீரியட், சனிக்கிழமை ஐந்து. ஆக ஒரு வகுப்புக்கு வாரத்தில் நாற்பத்தைந்து கட்டங்கள். எந்த ஆசிரியர், எந்த வகுப்புக்கு, என்ன பாடம், வாரத்தில் எத்தனை பீரியட் என்று தலைமையாசிரியர் ஒரு பட்டியல் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும். குறுக்கே பார்த்தால் ஒரு வகுப்பின் வாரம் முழுவதும் தெரியும். அதில் ஓட்டை இருக்கக் கூடாது. நெடுக்கே பார்த்தால் ஒரே நேரத்தில் பன்னிரண்டு வகுப்பிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அதில் ஒரே பெயர் இரண்டு முறை வரக் கூடாது. சொல்ல இவ்வளவுதான். நான் பென்சிலும் ரப்பருமாக இரண்டு வாரம் உட்கார்ந்தேன். இருக்கிற ஒரே லாபரட்டரியில் சேர்ந்தாற்போல் இரண்டு பீரியட் வேண்டிய சயன்ஸை முதலில் போட்டேன். அடுத்து, வாரத்தில் இரண்டே நாள் வரும் டிராயிங் மாஸ்டர். மற்றவர்கள் அதற்கப்புறம். எனக்கு வசதியான கட்டங்களை எனக்கே வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை இரண்டாவது பீரியட் எனக்கு ஓய்வு. கீழே போய் நிதானமாகக் காபி சாப்பிடலாம்.

எல்லாம் முடிந்த சனிக்கிழமை டிராயிங் மாஸ்டர் வந்து, புதன்கிழமை காலையில் தன்னால் வர முடியாது, மத்தியானம்தான் என்றார். காலையில் அவருக்கு ஒரே ஒரு வகுப்பு, ஒன்பது ஏ, இரண்டாவது பீரியட். அதைத் தூக்கி அதே வகுப்பின் வியாழன் ஆறாவது பீரியடில் போட்டேன். அங்கே இருந்த ஹிந்தியைப் புதன் இரண்டாவதுக்குக் கொண்டுவந்தேன். வியாழன் ஆறில் டிராயிங் மாஸ்டர் சும்மா இருக்கிறாரா என்று பார்த்தேன். புதன் இரண்டில் ஹிந்தி டீச்சர் சும்மா இருக்கிறாரா என்று பார்க்கவில்லை. அன்றே பெரிய சார்ட்டில் மசியால் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் சுவரில் மாட்டியாயிற்று. முதல் தடவையே இவ்வளவு சுத்தமாகப் போட்டுவிட்டீரே என்று எல்லோர் முன்னாலும் அவர் பாராட்டினார்.

மறுநாள் ஞாயிறு பகல், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனித்தனிச் சீட்டு எழுதினேன். ஹிந்தி டீச்சருக்கு ஏழு வகுப்பு, வகுப்புக்கு நான்கு பீரியட். மற்றச் சீட்டுகளில் செய்ததுபோல் அடியில் முதலில் மொத்தம் இருபத்தெட்டு என்று எழுதிவிட்டுக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தேன். புதன் இரண்டில் ஏழு பி என்று எழுதினேன். கொஞ்சம் கழித்து ஒன்பது ஏவும் அதே கட்டத்துக்கு வந்தது.

கை நின்றுவிட்டது. சார்ட் மாட்டியாயிற்று. கையெழுத்து வாங்கியாயிற்று. பாராட்டும் வாங்கியாயிற்று. நான் அந்தக் கட்டத்தில் ஏழு பியை மட்டும் விட்டுவிட்டு மடித்து வைத்தேன். திங்கட்கிழமை அவரிடம் தனியாகச் சொல்லலாம், இந்த வாரம் நீங்கள் ஒன்பது ஏவுக்குப் போங்கள், ஏழு பியை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

ஹிந்தி டீச்சர் அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தார். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை. அந்தத் தெருவிலிருந்து டீச்சரான முதல் பெண் என்று சொல்லிக்கொண்டார்கள். தாற்காலிக வேலைதான். வருஷ முடிவில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. மாட்டுங்காக்காரர்கள் நிறைந்த எங்கள் ஆசிரியர் அறையில் அவர் ஓரமாக உட்கார்ந்து டிபனைச் சாப்பிடுவார்.

புதன்கிழமை இரண்டாவது பீரியடில் ஒன்பது ஏ கூச்சல் போட்டது. தலைமையாசிரியர் சுற்றிவரும்போது பார்த்துவிட்டார். சார்ட்டில் ஹிந்தி என்றிருந்தது. டீச்சரோ ஏழு பியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். நான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.

"என்ன ஓய் இது, ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல போட்டிருக்கீர்?"

ஞாயிற்றுக்கிழமை நான் நினைத்தது, அந்த நிமிஷம் நான் செய்ததாக மாறி வாயிலிருந்து வந்தது.

"கடைசில மாத்தினதுல வந்துடுத்து சார். திங்கட்கிழமையே டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், ஒன்பது ஏவுக்குப் போங்கோ, ஏழு பிக்கு நான் போறேன்னு. இன்னிக்குப் போனா அங்க அவாளே நடத்திண்டிருந்தா."

டீச்சர் உள்ளே வந்தார். சொன்னதை ஏன் செய்யவில்லை என்று தலைமையாசிரியர் கேட்டார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் அவர். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தேன். தலைமையாசிரியருக்கு யாரை நம்புவது என்பதில் சந்தேகமே வரவில்லை. மறதி, பொறுப்பின்மை என்று எழுதி டீச்சருக்கு ஒரு மெமோ கொடுத்தார். என்னிடம், சாயங்காலத்துக்குள் சரிபண்ணும் என்றார்.

சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்பது ஏவில் எதை மாற்றிப் பார்த்தாலும் வேறொருவர் மோதினார். பிறகு மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். ஏழு பியின் ஹிந்தியை வெள்ளி ஏழாவதுக்கு அனுப்பினேன். அங்கிருந்த சரித்திரத்தைப் புதன் இரண்டுக்குக் கொண்டுவந்தேன். சரித்திர வாத்தியார் அந்த நேரத்தில் எட்டு ஏவில் இருந்தார். அந்தப் பீரியடைத் திங்கள் ஐந்தாவதுக்கு மாற்றினேன். திங்கள் ஐந்தில் எட்டு ஏவுக்கு இருந்தது என் கணக்கு. அது புதன் இரண்டுக்கு வந்தது. என் காபி நேரம் போயிற்று, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையே இதைச் செய்திருக்கலாம்.

மறுநாள் இடைவேளையில் டீச்சர் என் மேஜைக்கு வந்து சீட்டைப் பிரித்து வைத்தார்.

"சார், கீழ இருபத்தெட்டுன்னு போட்டிருக்கிய. எண்ணிப் பாத்தா இருபத்தேழுதான் வருது. ஒன்பது ஏவுக்கு மூணுதான் இருக்கு."

எண்ணுவதுபோல் சீட்டைக் குனிந்து பார்த்தேன்.

"எழுதும்போதே உங்களுக்குத் தெரியும், இல்லியா?"

ஆமாம் என்றேன். தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சீட்டை மடித்து என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதைத் தலைமையாசிரியரிடம் அவரே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். நான் சொல்வேன் என்று நம்பினாரோ, சொன்னாலும் பயனில்லை என்று நினைத்தாரோ, தெரியவில்லை.

நான் சொல்லவில்லை. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. ஏப்ரலில், டீச்சரை நிரந்தரமாக்கவில்லை, ஜூனிலிருந்து வேறு ஆள் என்று கேள்விப்பட்டதும் தலைமையாசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கமிட்டி முடிவு பண்ணியாச்சு. இப்போ வந்து சொன்னா நான் என்ன செய்யறது? உமக்கும் கெட்ட பேர், எனக்கும் கெட்ட பேர். போய் வேலையைப் பாரும்."

மெமோவினால்தான் வேலை போயிற்றா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு ஃபைலைத் திறந்தார். நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் ஹிந்தி டீச்சரைப் பார்த்தேன். ஆண்டாப் ஹில் பக்கம் ஒரு முனிசிபல் பள்ளியில் இருப்பதாகச் சொன்னார். சாதாரணமாகத்தான் பேசினார். இப்போதும் நீங்கள்தான் டைம்டேபிள் போடுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கஷ்டமான வேலை என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அந்த வழியில்தான் நானும் போக வேண்டும், அதே பஸ்தான். உள்ளே இடமும் இருந்தது. நான் ஏறவில்லை.