நகராத மொத்தம்

ஆலத்தியூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி எடைகளை நிரப்பும் பிடிஎஃப் படிவத்தை நான்தான் செய்தேன். மூன்று ஷிஃப்டிலும் மொத்தம் ஒரே எண்ணாக வந்தது. "நிரப்பக்கூடத் தெரியாதா?" என்று மேற்பார்வையாளரிடம் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவர் படிவம் திறந்திருந்த போனை நீட்டினார். "நீங்களே மாத்திப் பாருங்க சார்."

ஓர் எடையை மாற்றினேன், மொத்தம் அசையவில்லை. அதே கோப்பை ஆபீஸ் கணினியில் திறந்து மாற்றியதும் சரியாகக் கூட்டியது. எடைகளைத் தானாகக் கூட்டப் படிவத்துக்குள் நான் எழுதிய ஸ்கிரிப்டைப் போன் செயலி ஓட்டவே இல்லை. கோப்பில் ஏற்கெனவே சேமித்திருந்த மொத்தத்தையே காட்டியிருக்கிறது.

"அந்த நம்பர யாரு போட்டது சார்?"

சோதனைக்கு நான் போட்டு, அழிக்க மறந்தது.

"வேற படிவம் தரேன்" என்றேன்.

"எல்லார் முன்னாடியும்தான கத்துனீங்க? அங்க வந்து சொல்லுங்க."