ஆணியில் இல்லாத சாவி

எங்கள் ராக் குழுவுக்குப் பாட்டெழுதுகிறவனை ஐஸ் என்றுதான் கூப்பிடுவோம். பிழைப்பு ஃப்ரிட்ஜ் ரிப்பேர். நான் டிரம்ஸ் அடிக்கிறவன், பொறுமை கிடையாது. அவனிடம் அது எனக்கும் சேர்த்தே இருக்கிறது.

அவனுடைய அண்ணன் குடித்துவிட்டு பைக் ஓட்டிச் செத்துப்போனான். ஐஸ் அதைப் பாட்டாக்கினான். அண்ணி ஏற்கெனவே சொல்லிவிட்டார்: வீட்டு விஷயம் வாசல் தாண்டினால் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அந்தக் குழந்தை இல்லாவிட்டால் ஐஸுக்குச் சோறு இறங்காது.

"நடந்ததை நேரா பாடலாம்டா. எதுக்குப் பூசி மெழுகுறே?" என்றான் பாடகன்.

"கதையா சொன்னா ஒரு தடவை கேட்டு ஐயோ பாவம்னுட்டுப் போயிடுவாங்க. ஒரே ஒரு பொருளைக் காட்டிட்டு வாயை மூடிக்கிட்டா, அவங்கவங்க வீட்டைக் கொண்டுவந்து அதுல வெச்சுப்பாங்க. அண்ணி மானமும் தப்பிக்கும்" என்றான் ஐஸ்.

எங்களிடம் மெட்டுதான் முதலில் வரும். பாடகன் அர்த்தமில்லாமல் கத்தியதைப் பதிவு செய்து, அவன் வாய் அகலத் திறந்த இடத்தில் ஐஸ் நெடிலாகப் பார்த்துச் சொல் வைப்பான். உச்சத்தில் 'குடி' என்று வைத்தால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். அப்படி வந்ததுதான் "ஆணியில் சாவி இல்லை, ஆணி மட்டும் ஆடுது."

மேடையில் அதுவும் பாதிதான் தேறும். கிட்டாரின் கரகரப்பு மெய்யெழுத்துகளின் ஓசைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், உயிரெழுத்துதான் தப்பிக்கும். என் அடி ஒரு சொல்லின் நடுவில் விழுந்து அதை இரண்டாக வெட்டும். மிச்சத்தைக் கேட்கிறவனே நிரப்பிக்கொள்வான். எங்கள் பழைய பாட்டொன்றைத் தன் வேலை போன கதை என்று ஒருவர் சத்தியம் செய்தார். ஐஸ் திருத்தவில்லை.

பதிவுக்கு முந்தின நாள், ஐஸின் ஃப்ரிட்ஜ் பட்டறை மாடியில் ஒத்திகை. அண்ணி மகளோடு படியேறி வந்துவிட்டார். வரி காதில் விழாமல் போகட்டும் என்று டிரம்மை நொறுக்கினேன். அந்த வரி வந்த மூன்று முறையும் தப்பித்தோம். கடைசி முறை வாத்தியங்கள் எல்லாம் நின்று குரல் மட்டும் வர வேண்டும். அப்படித்தான் அமைத்திருந்தோம், பாவிகள்.

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது.

"யாருப்பா சொன்னா உனக்கு?" என்று ஐஸிடம் கேட்டார்.

"என்ன அண்ணி?"

"பைக் சாவி அன்னைக்கு ஆணியில இல்லன்னு. நான்தான் ஒளிச்சு வெச்சிருந்தேன். கெஞ்சினாரு. எடுத்துக் குடுத்துட்டேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்லையே."

அது வெறும் ஓசைக்காக வைத்த சொல் என்று சொல்ல வாயெடுத்தேன். ஐஸ் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"யாரும் சொல்லல அண்ணி. வேணாம்னா பாட்டையே தூக்கிடறேன்."

அவர் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டார்.

"பாடுங்க," என்றார். "ஆனா அந்த இடத்துல கிட்டாரை நிறுத்தாதீங்க. நல்லா சத்தமா வாசிங்க."