வலப்பக்கம் வெட்டிய படம்

எதையும் இருந்த இடத்தில் விட்டுவிட்டுப் பேசாமல் உட்கார எனக்கு வராது. அதனால்தான் விருத்தாசலம் பாலக்கரையில் நான் வைத்திருந்த டைப்பிங் கடையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தேன். கம்ப்யூட்டர் இரண்டுதான். மூன்றாவது நாற்காலி பேச வருகிறவர்களுக்கு. அதில் உட்கார்ந்து யார் என்ன சொன்னாலும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். "எம் புருசன் கோவம் செல்போன் சார்ஜ் மாதிரி, சாயங்காலத்துக்குள்ள எறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான் ஜாடிக்கார அக்கா.

அக்காவுக்குச் செராமிக் எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு ஷெட். எஸ்டேட்டில் பாதிப் பேர் அச்சில் மண்குழம்பு ஊற்றிப் பொம்மை எடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா மட்டும் சக்கரத்தில் வைத்துக் கையாலேயே ஊறுகாய் ஜாடி இழுப்பார். தேன் நிற மெருகு, மேலே ஒரு மூடி. பல வருடமாக அதை ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துப் போய், தன் ஸ்டிக்கரை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்டர்நெட்டுல பொருளு விக்கிறாங்களாமே. நம்ம ஷெட்டு பேருல நம்ம ஜாடிய போட முடியுமா? ஒரு தடவையாவது எவ வூட்டுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியணும்."

அதுதான் அக்கா கேட்டது. அது இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. அந்த மாதிரித் தளங்கள் நம் பக்கம் அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. நானும் அதுவரை ஒரு பொருளைக்கூட அதில் ஏற்றியதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லவும் எனக்கு வராது.

"போட்டுடலாம்க்கா. படமும் அளவும் அனுப்பச் சொல்லுங்க."

படம் வந்தது. வெள்ளைப் போர்வை மேல் ஜாடி தனியாக நின்றது, பக்கத்தில் ஒரு டம்ளர்கூட இல்லை. அளவு, அக்காவின் கொழுந்தனாரிடமிருந்து வந்தது. அவர்தான் ஷெட்டின் கணக்கு, கலவை, சூளை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். ஒவ்வொரு சாமானுக்கும் எக்ஸலில் ஒரு தாள் போட்டு வைத்திருந்தார். ஆனால் அந்த ஃபைலை அனுப்பவில்லை. திரையைப் படம் பிடித்து, பெயிண்டில் வெட்டி, மெயிலில் அனுப்பினார். ஜாடி, உயரம் ஏழு அங்குலம், வயிறு ஐந்தரை, வாய் மூன்றரை, மூடி தனி. அவ்வளவுதான். படத்தின் வலது ஓரம் கத்தியால் அறுத்த மாதிரி நின்றது.

எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது. பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன இங்கிலீஷை அகராதியை வைத்து வளர்த்தவன் நான். மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பகல் முழுக்கப் படித்தேன். 'விருத்தாசலத்து மண்ணில், கையால் இழுத்த ஊறுகாய் ஜாடி. ஒன்று போல் இன்னொன்று இராது' என்ற அர்த்தத்தில் தொடங்கினேன். கொள்ளளவு தாளில் இல்லை. விடுவேனா? உருளைக்குக் கன அளவு பார்க்கும் கணக்கைத் தேடி எடுத்து, ஏழையும் ஐந்தரையையும் போட்டுப் பெருக்கினேன். இரண்டே முக்கால் லிட்டருக்கு ஒட்டி வந்தது. சுவர்த் தடிமன், கழுத்துச் சரிவு எல்லாம் இருக்குமே என்று தாராளமாகக் கழித்து, 'இரண்டு லிட்டர் கொள்ளும்' என்று எழுதினேன். குறைத்துத்தானே எழுதியிருக்கிறோம் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

பதினோராம் நாள் ஆர்டர் வந்தது. கோயம்புத்தூரில் ஓர் அம்மா. மகள் கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு ஊறுகாய் போட்டுக் கொடுக்க இருபத்துநான்கு ஜாடி. 'இரண்டு லிட்டர் என்பதால்தான் எடுக்கிறேன்' என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது, அக்கா மூன்றாவது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"கல்யாண வூட்டுக்காடா போவுது?" என்னை அதற்கு முன் அவர் 'டா' போட்டதில்லை.

சூளையில் ஏற்கெனவே வெந்து இறங்கிய ஜாடிகள் முப்பதுக்கு மேல் இருந்தன. பொறுக்கி எடுத்துக் கட்டினால் போதும். ஏழு அங்குல உயரத்துக்குக் கொஞ்சம் தாராளமாக அட்டைப் பெட்டிகள் சொல்லி வாங்கி, டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு வெயிலில் எஸ்டேட்டுக்குப் போனேன். அன்றைக்குத்தான் அந்த ஜாடியை முதன்முதலாகக் கையில் வாங்கினேன். அழகான ஜாடி. பெட்டியில் இறக்கினேன். பெட்டிக்குள் ஜாடி லொடலொட என்று ஆடியது.

"என்னா தம்பி, பெட்டிய யானைக்கு எடுத்தாந்துட்டியா?"

நான் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்த ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஆறேகால் அங்குலம். இன்னொன்றை எடுத்தேன், ஆறேகால். மூன்றாவது ஆறேகாலை எட்டவில்லை. பையிலிருந்து அச்சடித்து வைத்திருந்த அந்தப் படத்தை எடுத்துக் கொழுந்தனாரிடம் நீட்டினேன்.

"அண்ணே, இதுல ஏழுன்னு போட்டிருக்குது."

"ஆமா. சக்கரத்துல இழுக்கிற அளவு."

"வெந்தப்புறம்?"

"வெந்தா சுருங்காதா? காயுறப்ப கொஞ்சம், சூளையில கொஞ்சம். நூத்துக்குப் பதினொண்ணு போயிடும். இந்த ஊருல சின்னப் புள்ளைய கேட்டாலும் சொல்லும்."

"நான் கருவேப்பிலங்குறிச்சிண்ணே. எங்க ஊருல அரிசி வெந்தா பெருசாவும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொழுந்தனார் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் தாளைத் திறந்து காட்டினார். இடப்பக்கம் சக்கரத்து அளவு. நடுவில் மண் கலவையும் மெருகுக் கலவையும். வலது கடைசியில், 'சுட்ட அளவு' என்று தனியாக ஒரு வரிசை. அதில் ஆறேகால் தெளிவாக உட்கார்ந்திருந்தது.

"இத ஏண்ணே வெட்டுனீங்க?"

"கலவைய வெளிய காட்டுவாங்களா? பொண்டாட்டிகிட்டகூட நான் சொன்னதில்ல. அதுக்கு முன்னாடியே வெட்டிட்டேன். அளவுதான கேட்ட, அளவு இருக்குதுல்ல?"

கலவையோடு சேர்ந்து சுட்ட அளவும் போய்விட்டது. இந்த எஸ்டேட்டில் எல்லோரும் கலவையை அப்படித்தான் காப்பாற்றுவார்கள். அவர் மேல் நான் எப்படிக் கோபப்படுவது? பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பக்கம் பக்கமாக வர்ணித்தவன் நான்தானே.

"முக்கா அங்குலந்தான தம்பி," என்றார் அக்கா. குரலில் கேள்வி இருந்தது. "தெரியவா போவுது?"

"உயரம் தெரியாதுக்கா. உள்ள எவ்வளவு புடிக்கும்னு தெரிஞ்சிடும். உயரத்துலயும் சுருங்கும், அகலத்துலயும் சுருங்கும், எல்லாம் சேர்ந்து அடிக்கும்."

அக்கா போய் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை நிரப்பிக்கொண்டு வந்தார். முதல் பாட்டில் முழுக்க இறங்கியது. இரண்டாவது பாட்டிலில் கால்வாசி இறங்கியதும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவர் காலில் வழிந்தது. மூன்று பேரும் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"யாரு அளந்து பாக்கப் போறாங்க? அனுப்பிடுங்கண்ணி," என்றார் கொழுந்தனார்.

நான் உள்ளுக்கும் வெளியிலுமாக நடந்தேன். அனுப்பினால் அந்த அம்மா அளப்பார். ஊறுகாய் போடுகிறவருக்குக் கண்ணே படி. அளந்துவிட்டு, அந்தத் தளத்தில் ஷெட்டின் பெயருக்குக் கீழே எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவார். அதுதான் அக்கா பெயருக்கு விழுகிற முதல் எழுத்து. அனுப்பாவிட்டால் ஆர்டரே போகும். வெளியில் வந்து வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தேன், மறுபடி ஸ்டாண்டில் போட்டேன்.

அக்கா ஜாடியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். "என் பேருல போற மொத ஜாடி. போன போடு."

போட்டேன். சொல்ல வேண்டியதை மனதில் மூன்று விதமாகக் கட்டி வைத்திருந்தேன். மறுமுனையில் குரல் கேட்டதும் மூன்றும் கலைந்தன.

"அம்மா, ஜாடி ரெண்டு லிட்டர் புடிக்காதுங்க. ஒண்ணே காலுதான் புடிக்குது. நான்தான் தப்பா எழுதிட்டேன். பச்சை மண்ணு அளவ வெச்சி எழுதிட்டேன்."

"ஏனுங்க தம்பி, பத்திரிகை எல்லாம் கொடுத்தாச்சுங்க. இப்பப் போயி சொல்றீங்களே!"

"பெருசா செஞ்சி தரலாம்மா..."

"எத்தனை நாளாகும்?"

கையால் ஃபோனைப் பொத்தி அக்காவைப் பார்த்தேன். காய்ந்து, சூளையில் ஏறி, ஆறி இறங்க மூன்று வாரம் என்று விரலைக் காட்டினார். சொன்னேன். கல்யாணம் அதற்குள் முடிந்துவிடும் என்றார் அந்த அம்மா. பிறகு குரல் கொஞ்சம் மாறி, "மூடி இறுக்கமா உட்காருமா? உள்ளேயும் மெருகு போட்டிருக்கா? உப்பும் புளிப்பும் பட்டா என்னாகும்?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பக்கம் வர்ணித்தவனுக்கு மூடி உட்காருமா என்று தெரியவில்லை. அக்கா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

"உள்ளயும் மெருகு இருக்குதுங்க. அடிவரைக்கும். எத்தனை மாங்கா போட்டாலும் ஒண்ணும் ஆவாது. மூடி இறுகாதுங்க, சும்மா உக்காரும், அதனால வாய்க்குத் துணி கட்டிடுங்க... நீங்க என்னா ஊறுகா போடுறீங்க? எலுமிச்சையா? ஐயோ, எலுமிச்சைக்கு இந்த அளவு நல்லாத்தான் இருக்கும்."

அப்புறம் நடந்தது வியாபாரமே இல்லை. வெந்தயத்தை வறுத்துப் போடுவதா வறுக்காமல் போடுவதா என்று இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். கொழுந்தனார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் அக்கா ஃபோனை நீட்டினார்.

"பன்னெண்டு போதும்னாங்க. நெருங்குன சொந்தத்துக்கு எலுமிச்சையாம். மத்தவங்களுக்கு வேற பாக்குறாங்களாம்."

பாதிதான். ஆனாலும் பெட்டிகள் பெரிதாகப் போனதில் ஒரு நல்லது இருந்தது. நிறைய வைக்கோல் அடைக்க இடம் கிடைத்தது. அன்றே என் விவரிப்பையும் திருத்தினேன், இந்த முறை ஒரு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு. ஆறேகால் அங்குலம், கையால் செய்வதால் கொஞ்சம் முன்னே பின்னே. ஒன்றேகால் லிட்டர். மூடி இறுகாது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துப் புதுப் படம். என் அழகான வர்ணனையில் பாதியை எடுத்துவிட்டேன், இடம் போதவில்லை.

அதற்கப்புறம் ஜாடிகள் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தனவா, உடைந்தனவா என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தினம் ஐந்து தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அக்கா தினமும் வந்து மூன்றாவது நாற்காலியில் உட்காருவார், எழுந்து வாசலைப் பார்ப்பார், மறுபடி உட்காருவார். ஒரு நாள் மத்தியானம் கீழே ஒரு வரி வந்து நின்றது. தமிழில் சொன்னேன்.

"ஜாடி சின்னது. ஆனால் சொல்லித்தான் கொடுத்தார்கள்."

அக்கா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், தெரியாத இங்கிலீஷில் இருந்த அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"சின்னதுன்னு எழுதிட்டாங்களே தம்பி," என்றார். "நாளைக்கு மண்ணு கொஞ்சம் சேத்து எடுக்கணும். எட்டு அங்குலம் இழுத்தா வெந்து எவ்வளவு நிக்கும்? அத மொதல்ல கணக்குப் போட்டுச் சொல்லு."