தகப்பன் இடத்தில் மச்சினன்

பாளையங்கோட்டையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த காசிலிங்கம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஓர் அண்டாவும் இரண்டு சமுக்காளமும் வைத்துத் தொடங்கி, பிற்பாடு ஒரே முகூர்த்தத்தில் நாலு கல்யாண வீட்டுக்குச் சாமான் அனுப்பிய கை அது. படித்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாத காரியம். அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆள்மேல்தான் பொறாமை: மனைவி சுடலைவடிவின் தம்பி செல்வமணி. தாலுகா ஆபீஸ் கிளார்க், பி.ஏ. படித்தவன், கண்ணாடி போட்ட ஒல்லி ஆள், யாரிடமும் குரலை உயர்த்தாதவன்.

1995 அக்டோபரில் மகன் மணிராஜின் கல்லூரியிலிருந்து தபால் வந்தது. பி.காம். இரண்டாம் ஆண்டு. வருகை ஐம்பது விழுக்காடுகூட இல்லை, பரீட்சை எழுத முடியாது, பெயரை நீக்கிவிட்டோம் என்று எழுதியிருந்தது. பையன் கல்லூரியில் அனுமதி வாங்காமல் வள்ளியூர் வாலிபால் டீமோடு ஊர் ஊராகப் போயிருக்கிறான்.

காசிலிங்கம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நேரே துறைத் தலைவர் கோபாலசுப்பிரமணியன் முன்னால் போய் நின்றார்.

“நான் மணிராஜுக்கு அப்பா.”

துறைத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அவன் அப்பா ஒல்லியா, கண்ணாடி போட்டிருப்பாரே! முதல் வருஷமும் வருகை குறைஞ்சது. அபராதம் கட்டி, இனிமேல் ஒழுங்கா வருவான்னு இதே மேஜையிலதானே எழுதிக் கொடுத்தார்? அதை நம்பித்தான் பரீட்சை எழுத விட்டோம். மாசாமாசம் வந்து விசாரிச்சார். ரொம்பத் தன்மையான மனுஷர்.”

காசிலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. மகன் படிப்பு போனதுகூட அப்புறம்தான். ஊர் முழுக்க நாற்காலி வாடகைக்கு விடுகிறவருடைய நாற்காலியில் இன்னொருத்தன் உட்கார்ந்திருக்கிறான்!

“அது எம் மச்சினன். டி.சி.யைக் குடுங்கய்யா. இந்தக் கல்லூரியே வேண்டாம்.”

“அவசரப்படாதீங்க. டி.சி. வாங்கிட்டா, தானே விலகிப் போனதா ஆயிடும். வாங்காம இருந்தா, வர்ற ஜூன்ல இதே மூணாவது செமஸ்டர்ல திரும்பச் சேர விண்ணப்பிக்கலாம். வகுப்பில இடம் இருக்கணும், நான் பரிந்துரைக்கணும், முதல்வர் ஒத்துக்கணும், அப்புறம் பல்கலைக்கழக அனுமதியும் வரணும். முதல்ல, அப்பான்னு பொய்க் கையெழுத்துப் போட்டவர் வந்து விளக்கம் எழுதித் தரணும். இல்லாட்டி என்னால பரிந்துரைக்க முடியாது.”

செல்வமணி வாசலில் போய் நிற்பதைவிடத் தாமிரபரணியில் குதிக்கலாம் என்றிருந்தது. ஆனாலும் அன்று சாயங்காலமே போனார்.

“ஏலே, எம்புள்ளைக்கு நீ என்னைக்குலே அப்பனான?”

“அத்தான், பைய பேசுங்க. சொன்னா அடிப்பியன்னு பயந்துட்டு எங்கிட்ட வந்து அழுதான். நான் செஞ்சது தப்புதான்.”

“என்னைக் கண்டா பயம், உன்னைக் கண்டா பாசமோ? அப்படி என்னத்தலே ஊட்டி வளத்த?”

“திட்டல அத்தான். அவ்வளவுதான்.”

அந்தப் பதில் காசிலிங்கத்துக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. “நாளைக்கு வந்து எழுதிக் குடு. எம்பின்னாலதான் வரணும், முன்னால நடந்துராத” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

செல்வமணி எழுதிக் கொடுத்தான், மன்னிப்பும் கேட்டான். துறைத் தலைவர் அவனுக்கே முதலில் நாற்காலி காட்டியதைக் காசிலிங்கம் மறக்கவில்லை. ஜூன் வரை மணிராஜ் கடையில் அண்டா கழுவினான். கல்லூரி திறக்கும் நேரத்தில் விண்ணப்பம் போட்டார்கள். ஒரு மாணவன் விலகியதால் இடம் இருந்தது. பல்கலைக்கழக அனுமதியும் வந்தது.

முதல்வர் நிபந்தனை சொன்னார்: “மாசாமாசம் வருகையைப் பெற்றவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். இந்தத் தடவையும் குறைஞ்சா திரும்பச் சேர்க்க மாட்டோம்.” பிறகு மணிராஜைப் பார்த்து, “யாரை வரச் சொல்லலாம்?” என்றார்.

பையனின் கண் ஒரு கணம் வாசல் பக்கம் போனது. செல்வமணி அங்கேதான் நின்றிருந்தான். “அப்பாவை” என்றான். காசிலிங்கத்துக்கு அந்தச் சொல் இனித்தது, அந்தப் பார்வை முள்ளாகக் குத்தியது.

அதற்குப் பிறகு, தலைபோகிற முகூர்த்தமானாலும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு மாதந்தோறும் போனார். பையனைத் திட்ட வாயெடுத்தால் செல்வமணி ஞாபகம் வந்துவிடும். அவனிடம் தோற்கக் கூடாதென்று வாயை மூடிக்கொள்வார். சுடலைவடிவுக்கே ஆச்சரியம்: “உங்களுக்கு உடம்புக்கு என்னமும் செய்யுதா?”

அக்டோபரில் துறைத் தலைவர், “எண்பது தாண்டிட்டான். பரீட்சைக்குத் தடையில்லை” என்றார்.

காசிலிங்கம் ஓட்டமும் நடையுமாகத் தாலுகா ஆபீசுக்குப் போய், செல்வமணியின் மேஜைமேல் கையை ஊன்றினார்.

“எண்பது! அப்பன் போனா எப்படின்னு பார்த்தியாலே? நீ போனப்போ ஐம்பதுக்கே வழியில்ல!”

செல்வமணி சிரித்தான். “ரொம்ப சந்தோஷம் அத்தான். மணிராஜ் என்ன சொன்னான்?”

காசிலிங்கம் மேஜையிலிருந்து கையை எடுத்தார். பையனிடம் இன்னும் சொல்லவே இல்லை.