பார்க்காமலே கட்டிய காசு

கண்ணால் பார்க்காத பொருளுக்குக் காசு கொடுப்பதில்லை. கம்பெனி பஸ் ஓட்டும் அந்த அம்மாவின் சட்டம் அது. எதை ஆர்டர் போட்டாலும் பொருள் வாசலுக்கு வந்த பிறகுதான் பணம். கூட வேலை செய்பவர்கள் ‘கஸ்டம்ஸ் ஆபீசர்’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

அந்தச் சட்டம்தான் சனிக்கிழமையன்று அவள் காலை வாரிவிட்டது. மகளுக்கு மறுநாள் ஓட்டப் பந்தயம். அதற்காக ஆர்டர் போட்ட ஷூ இன்று காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வரும். வீட்டில் மகளும், காலில் மாவுக்கட்டோடு கணவரும்தான். அவரிடம் இருப்பது பட்டன் போன். பணமெல்லாம் இவள் பர்ஸில், பர்ஸ் பஸ்ஸில். பணம் தராவிட்டால் பார்சல் திரும்பிவிடும்.

பத்து மணிக்கு டிரிப். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் போனைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும், கம்பெனி விதி.

ஷெட்டில் நின்றபடி ஆர்டரைத் திறந்து, ‘இப்போதே பணம் கட்டு’ என்பதை அமுக்கினாள். சிக்னல் நொண்டியது. ‘செயல்பாட்டில் உள்ளது’ என்று வந்தது. மறுபடி பார்த்தால் பணம் கட்டும் பட்டனையே காணோம்! கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள்.

“ஏம்மா, காசு கட்ட வந்தவ மூஞ்சியிலயே கதவச் சாத்துறீங்களே, நியாயமா?”

மறுமுனைப் பெண் சிரித்துவிட்டாள். “நீங்க கட்டுனது பாதியில நிக்குதும்மா. அது ஆச்சா, இல்லையான்னு பேங்க் சொல்ற வரைக்கும் பட்டன் வராது. வந்தா ரெண்டு தடவ கட்டிடுவீங்க.”

“எவ்வளவு நேரமாகும்?”

“அது என் கையில இல்லம்மா. ஆனா டெலிவரிக்குக் கிளம்பிட்டா, அப்புறம் மாத்தவே முடியாது. வாங்க வேண்டிய தொகை கொண்டு வர்றவர் லிஸ்ட்ல ஏறிடும். உங்க பார்சல் இன்னும் கிடங்குலதான் இருக்கு.”

ஒன்பது நாற்பது. சிக்னலைத் தேடிக் கம்பெனி கேட்டுக்கே ஓடினாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த தையல் பிரிவுப் பெண்கள் விஷயம் தெரிந்து சுற்றி நின்றுகொண்டார்கள். “வந்துச்சா?” “இன்னும் இல்ல!” ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு ‘பணம் செலுத்துதல் தோல்வி’ என்று வந்தது. தோல்விக்குக் கைதட்டிய கூட்டத்தை அந்தக் கேட் அன்றுதான் பார்த்தது.

பட்டன் திரும்பி வந்தது. அமுக்கினாள். ரகசிய எண். ‘பணம் பெறப்பட்டது. டெலிவரியின்போது செலுத்த வேண்டியது: பூஜ்யம்.’ ஒன்பது ஐம்பத்தைந்துக்கு, ‘டெலிவரிக்குக் கிளம்பியது.’

“ஏறுங்கடி எல்லாரும்!” என்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷம்.

டிரிப் முடிந்து பெட்டியிலிருந்து போனை எடுத்ததும் வீட்டுக்கு அடித்தாள்.

“அம்மா, ஷூ வந்துடுச்சு! கொண்டு வந்தவரு காசே கேக்கல!”

“காசு கிடக்கட்டும். நான் பாக்கவே இல்லயேடி, அளவு சரியா இருக்கா?”

“அப்பா, போனப் பிடிங்க” என்றாள் மகள். அடுத்த நொடி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது.