தேர் கிளம்பாத நாளின் செய்தி

அட்டன் பக்கத்து மலைநாட்டில் நான் எத்தனை வேலை பார்த்தேன் என்று கேட்டால் விரல் விட்டுத்தான் சொல்ல வேண்டும். பேக்கரியில் மாவு பிசைந்தேன். கினிகத்தேனை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். லிந்துலையில் ஒரு கடையில் ஏழு மாதம் அரிசி அளந்தேன். படிப்பு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் கையெழுத்து நன்றாக இருக்கும். ஊர் சுற்றுகிறவன் காதில் செய்தி விழும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, முப்பத்தைந்தாவது வயதில், கொழும்பில் அச்சாகும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபரானேன்.

நிருபர் என்றால் முழு நிருபர் இல்லை. ஆறு மாதம் பரீட்சைக்காலம். அது முடிகையில் வெளியூர்ச் செய்திகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் நேரில் வந்து, அனுப்பியதையெல்லாம் பார்த்து, வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை விட்டுப் போகக்கூடாது என்று நினைத்திருந்தேன். பனிக்குள் விடிகிற ஊரில், நேற்று நடந்ததை இன்று காகிதத்தில் பார்க்கிற சுகம் அப்படி. மேகம் கீழிறங்கி ரோட்டையும் மனிதர்களையும் அழித்துவிட்ட காலைகளில்கூட, என் நாலு வரி மட்டும் அழியாமல் யாரோ ஒருவர் கையில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே நடப்பேன்.

ஆசிரியர் வந்த நாளும் அப்படித்தான் இருந்தது. ரயில் வந்து நின்றது சத்தத்தில்தான் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு குடை வந்தது, பிறகு ஒரு தோல்பை, பிறகு என்னைவிட ஐந்தாறு வயது இளைய ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். குளிரில் அவருக்குப் பல் கிட்டியது.

"இந்தக் குளிருக்கை இருந்தோ எழுதுறனீங்கள்?" என்றார்.

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையின் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் தேத்தண்ணி வைத்துவிட்டு என் காதருகே குனிந்து, "மாப்பிள பாக்க வந்தவரு மாதிரி இருக்காருங்க. தலைய குனிஞ்சுக்கிட்டு உக்காருங்க" என்றார்.

ஆசிரியர் பையிலிருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்தார். இடதுபக்கம் நான் கையால் எழுதி அனுப்பிய தாள். வலதுபக்கம் அது அச்சில் வந்த துண்டு. ஆறு மாதமும் ஒட்டியிருந்தார்கள். எழுதியதைத் திரும்பப் பார்ப்போம் என்று நான் நினைத்ததே இல்லை. பசை உலர்ந்த அந்தத் தாள்களைப் புரட்டியபோது, நான் நடந்த ரோடுகள் எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருப்பது போல இருந்தது.

"பிழை உங்கடையோ, எங்கட மேசையிலையோ, அச்சுக்கோர்க்கிற இடத்திலையோ எண்டு பார்க்கத்தான் ரெண்டையும் வைக்கிறது" என்றார். "அச்சிலை வந்த பிழைக்கு நிருபரைப் பிடிக்கிறேல்லை."

ஒரு தாளில் நாலு தலைப்பு எழுதியிருந்தார். சரியான தகவல், சொந்தச் செய்தி, நேரம், திருத்தம். ஒவ்வொன்றாகப் போனார்.

பெயர்களையும் ஊர்களையும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இது யார் சொன்னது, நீங்கள் பார்த்ததா, இன்னொருவரிடம் கேட்டீர்களா. சொந்தச் செய்தி என்ற இடத்தில் அவர் முகம் மலர்ந்தது. சங்கக் கூட்டம், பிரிவுபசாரம், பள்ளிப் பரிசளிப்பு, இவை அறிவித்தல் பார்த்து எவரும் எழுதுவது என்று தள்ளி வைத்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் அடுத்தடுத்த மூன்று வீட்டாருக்குப் பிரஜாவுரிமை விண்ணப்பம் மறுக்கப்பட்டதை நான் எழுதியிருந்தேன். மூன்று பேரும் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார்கள். பிறந்ததற்குத் தாள் இல்லை. அந்தத் துண்டின் மேல் விரலை வைத்து, "இது வேறை ஒரு பேப்பரிலையும் வரேல்லை" என்றார்.

பிறகு நேரம். அட்டனில் நண்பகல் ரயிலின் கார்டிடம் செய்திக் கட்டைக் கொடுத்தால், கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் அலுவலக ஆள் வாங்கிப் போவான். போய்ச் சேர்ந்த நேரத்தைத் தாளின் மூலையில் முத்திரை குத்துவார்கள். அவர் மூலைகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். வட்டவளையில் மண் சரிந்து ரயில் நின்ற கிழமையில் மட்டும் இரண்டு பிந்தல். அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"இதைப் பாருங்கோ. தோட்டத்துத் தேர்த் திருவிழா. அண்டைக்கே வந்திட்டுது. மற்றப் பேப்பர்க்காரர் போடவே இல்லை" என்று ஒரு நல்ல குறி போட்டார்.

மூலையில் முத்திரை தெளிவாக இருந்தது. மாலை 5.40. அதற்குக் கீழே என் கையெழுத்து. ‘தேர் எல்லா லயங்களையும் வலம் வந்து இரவு ஏழு மணிக்கு இருப்பிடம் சேர்ந்தது. தோட்டத் துரை அவர்களுக்கு மாலை அணிவிக்கப்பட்டது.’

அவர் தாளைப் புரட்டிவிட்டார்.

அந்தத் தேர் கிளம்பவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று, திருவிழாக் கமிட்டி அச்சடித்த அறிவித்தலைப் பார்த்து முதல்நாளே எழுதி வைத்துவிட்டேன். வருடா வருடம் அதே பாதை, அதே மாலை, அதே நேரம். பகலில் கட்டைக் கொடுத்துவிட்டு லிந்துலைக்குப் போய்விட்டேன். அன்று காலை அந்தத் தோட்டத்துக் கடைசி லயத்தில் ஒரு தொழிலாளி இறந்துபோயிருந்தார். லயத்தில் சாவு விழுந்தால் கோயில் கதவைச் சாத்துவார்கள். பிணம் எடுத்துத் தீட்டுக் கழியும்வரை தேர் அசையாது. அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பேப்பரில் மட்டும் தேர் ஓடிவிட்டது.

பத்து நாள் கழித்துத் திருவிழாக் கமிட்டித் தலைவர் என்னைக் கடைவீதியில் பிடித்தார்.

"ஏங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே! செத்தவரு சம்சாரத்தோட அண்ணன் வட்டவளையில இருக்காரு. பேப்பரப் பாத்துட்டு, பொணம் கெடக்கையில தேரு இழுத்த தோட்டத்துக்கு நான் ஏன் வரணும்னு கேட்டுட்டாரு. நாங்க இல்லன்னு ஆள் அனுப்புனோம். பேப்பர்ல போட்டிருக்கே, நீங்க சொல்றத நம்பவான்னு திருப்பி அனுப்பிட்டாருங்க. எட்டாம் நாள் கருமாதிக்கும் வரல. ஒரு வரி மாத்திப் போடுங்க."

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். பரீட்சைக்காலம் முடியட்டும் என்று நினைத்தேன். அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது.

இப்போது ஆசிரியர் நாலாவது தலைப்புக்கு வந்திருந்தார். "திருத்தம் ஒண்டும் இல்லை. உங்களைப் பற்றி ஒரு கடிதமும் வரேல்லை."

கடிதம் எழுதுகிற கைகளா அந்த லயத்துக் கைகள் என்று நினைத்தேன். யன்னலுக்கு வெளியே பனி மெல்லக் கலைந்து, எதிர்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பச்சைக்குள் மிதப்பது போலத் தெரிந்தது. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்தால் வேலை என்னுடையது.

"ஐயா, அந்தத் தேர்ச் செய்தியத் திருப்புங்க. முத்திரையப் பாருங்க" என்றேன்.

அவர் திருப்பினார். முத்திரையைப் பார்த்தார், ஏழு மணி என்ற எழுத்தைப் பார்த்தார். காது சிவந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கருமாதிக்கு வராததையும், நான் பொறுங்க என்றதையும்.

அவர் முத்திரையின் மேல் விரலை வைத்தார். பிறகு, "ஆறு மணிக்கு முந்தி வந்த தாளிலை ஏழு மணித் தேர் ஓடுது. எங்கட மேசையிலை மூண்டு பேர் பாத்திருக்கினம், நான் உட்பட. அது எங்கட பிழை. தேரை ஓட்டினது உங்கட பிழை. ஆனா மூண்டு கிழமை வைச்சிருந்தீங்களே, அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றார்.

நேரத்துக்குப் போட்ட நல்ல குறியை வெட்டினார். பேனையை என்னிடம் நீட்டினார்.

"எழுதுங்கோ."

‘தவறுதலாக வெளிவந்த செய்திக்கு வருந்துகிறோம்’ என்று எழுதினேன்.

"எது தவறு? இதை வாசிக்கிறவனுக்குத் தேர் ஓடினதோ இல்லையோ எண்டு விளங்குமோ?"

மறுபடி எழுதினேன். அச்சில் நேர்ந்த பிழை என்று ஒரு சொல் கையில் தானாக வந்தது. அவர் பார்ப்பதற்குள் நானே வெட்டினேன். கடைசியில் நின்றது இதுதான்: தேர் லயங்களை வலம் வந்ததாக வெளியான செய்தி தவறு. அன்று காலை ஒரு தொழிலாளி காலமானதால் தேர் புறப்படவில்லை. எமது நிருபர் அறிவித்தலை மட்டும் பார்த்து முன்கூட்டியே எழுதியதால் இத்தவறு நேர்ந்தது. குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

"தேர்ச் செய்தி வந்த அதே பக்கத்திலை, அதே அளவு எழுத்திலை போடுவன்" என்றார். "உங்களை இப்ப உறுதிப்படுத்த ஏலாது. இன்னும் மூண்டு மாதம். அண்ணன்காரன் பேப்பர் வாசிக்கிறவர்தானே? அவரிட்டை இது போய்ச் சேருதோ எண்டு நீங்கள்தான் பாக்கவேணும்."

அன்றைய ரயிலிலேயே கொழும்புக்குத் திரும்பினார். கடைக்காரர் கிளாசைத் துடைத்தபடி, "மாப்பிள வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"இன்னொரு தடவ வந்து பாப்பாங்களாம்."

வேலை மூன்று மாதத்தில் உறுதியானது. ஆனால் என் மனதில் அந்த வேலை தொடங்கியது, திருத்தம் வெளியான காலையில், பேப்பரை மடித்துக்கொண்டு வட்டவளைக்கு இறங்கிய போதுதான். அண்ணன்காரர் அங்கே ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தட்டில் வேலை செய்தார். வாடிய இலையின் மணத்துக்குள் அவர் பேப்பரை இரண்டு முறை வாசித்தார். உதடு அசைய, மெதுவாக.

"நீங்கதான் அந்த ஆளா?"

"ஆமாங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையில் ஒட்டியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். "கருமாதி வரைக்கும் எட்டு நாளும் அதே பேப்பர வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். போகவா வேணாமான்னு. நடங்க, என் தங்கச்சிகிட்ட நீங்களே வாசிச்சுக் காட்டுங்க."

அடுத்த ரயிலில் ஏறினோம். மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பார்த்துவிட்டுப் போயின.

கடைசி லயத்தின் வாசலில் அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அண்ணனைப் பார்த்து அழவில்லை. "வந்துட்டியா" என்றார், அவ்வளவுதான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் நின்றபடியே வாசித்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் வந்து கூடினார்கள்.

முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: "ஒரு தொழிலாளின்னு போட்டிருக்கீங்களே. அவருக்குப் பேரு இல்லையா?"

ஆறு மாதம் சரி பார்த்த கொப்பியிலும், ஆசிரியர் வெட்டி வெட்டி எழுதவைத்த நாலு வரியிலும், இதை யாரும் கேட்கவில்லை.

வாசல்படியில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். அந்த அம்மா கணவரின் பெயரைச் சொன்னார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினேன். எந்த வயதில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்தார், எந்த மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், எத்தனை பிள்ளைகள், எல்லாம் கேட்டேன். வயது பற்றி அண்ணனும் தங்கையும் ஒத்துப்போகவில்லை. "மச்சானுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட" என்றார் அண்ணன். "ஒனக்கே ஒன் வயசு தெரியாது" என்றார் அந்த அம்மா. அங்கே முதல்முறையாக யாரோ சிரித்தார்கள்.

தோட்டத்து ஆபீசில் பேர் பதிந்த புத்தகத்தைப் பார்த்தால் தெரியும் என்றார்கள். கிளார்க் பகல் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கீழே பள்ளத்தாக்கில் நண்பகல் ரயில் என் கட்டு இல்லாமலே ஊதிக்கொண்டு போனது. நான் ஆபீஸ் படியில் காத்திருந்தேன்.