இருபது நிமிடக் கடிகாரம்

என் மருமகள் அறந்தாங்கியில் தையல் பயிற்சி நிலையம் நடத்துகிறாள். அதன் வெப்சைட்டில் புதிதாக ஒரு தேர்வு வைத்தாள். இருபது கேள்வி, இருபது நிமிடம். பன்னிரண்டு சரியென்றால் சான்றிதழ் தானாக வந்துவிடும். திருச்சியில் ஒரு ரெடிமேட் கம்பெனி, அந்தச் சான்றிதழ் உள்ளவர்களைத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தது. திங்கட்கிழமை அவளிடம் படிக்கும் பெண்கள் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை என் கையில் போனைக் கொடுத்தாள்.

"அத்தை, எழுதிப் பாருங்க. எங்க ஓட்டையிருக்குன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

"அடுத்தவ வீட்டு ஓட்டையா? பார்ப்போம் கொண்டா."

எனக்குத் தையல் தெரியும், வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். ஒன்பதாவது கேள்வியை முடித்ததுமே நேரம் தீர்ந்து, விடைத்தாளை அதுவே அனுப்பிவிட்டது. ஒன்பதும் சரி. ஆனால் தோல்வி.

மறுமுறை எழுதும்போது விரல் தவறித் திரையைக் கீழே இழுத்துவிட்டேன். பக்கம் புதிதாகத் திறந்தது. நான் தொட்ட விடைகள் அப்படியே இருந்தன, கடிகாரம் மட்டும் மறுபடி இருபதைக் காட்டியது. அப்புறம் நானா விடுவேன்? மூச்சு வாங்கும்போதெல்லாம் இழுத்தேன். பதினெட்டு மதிப்பெண். என் பெயரோடு, நம்பரோடு சான்றிதழ் வந்து நின்றது.

"எப்புடி அத்தை?" என்றாள் மருமகள்.

"மூளைடி."

கீரனூரிலிருந்து வந்திருந்த, வெப்சைட் செய்துகொடுத்த பெண் கணினியில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் எழுதியிருக்கீங்க! தொடங்குன நேரம் சர்வர்ல இருக்கு. ஆனா கடிகாரம் ஒங்க போன்லயே ஓடுது, அதான் ஏமாத்திட்டீங்க."

மருமகள் சிரிக்கவில்லை. "கம்பெனிக்காரன் இதப் பார்த்தா நம்ம பேப்பர நம்புவானா?"

"இனி சர்வர் நேரத்துலேருந்துதான் கழிக்கும்க்கா. எத்தன தடவ இழுத்தாலும் நேரம் ஏறாது."

"அத மட்டும் சரி பண்ணுனா, ஒம் பிள்ளைகள்ல பாதி என்னய மாதிரி ஒன்பதோட நிக்கும்" என்றேன். "காஜா போடத் தெரிஞ்சவளத் தேடுறியா, வேகமா வாசிக்கிறவளத் தேடுறியா?"

மருமகள் என்னை முறைத்தாள். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"நாப்பது நிமிஷம் வைங்க" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

என் சான்றிதழையும் ரத்து செய்யச் சொன்னாள். அதன் நம்பரைத் தட்டினால் 'செல்லாது' என்று வெப்சைட் சொல்கிறது. நல்ல மருமகள்!

திங்கட்கிழமை எல்லோரும் வரிசையாகப் போனோடு உட்கார்ந்தார்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் ஒருத்தி, உதடு அசைய ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எழுந்து போனபிறகும் அவள் குனிந்த தலை நிமிரவில்லை. நானும் மருமகளும் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று நிமிடம் மீதியிருக்கும்போது கடைசி விடையைத் தொட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

"அக்கா, பதினாறு" என்றாள், திரையை எங்கள் பக்கம் திருப்பி.